ஆவடியிலிருந்து ஒரு மெயில்: வீட்டிலிருந்து வேலை கேட்பது எப்படி?

வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆனதும் நம்மில் பலர் கேட்கப்போகும் கேள்வி இது: "சார், வாரத்துல ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாமா?" "பார்க்கலாம்ப்பா" என்று பதில் வரும்; பேச்சு அதோடு முடிஞ்சிடும். தன் மேலதிகாரியிடம் காட்ட அவர் கையில் எதுவுமே இல்லையே!

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். வீடு ஆவடி, ஆபீஸ் சோழிங்கநல்லூர், சப்போர்ட் டீமில் வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். "பயணம் கஷ்டமா இருக்கு" என்பது உங்கள் பிரச்சினை. "காலை 8 மணிக்கு வரும் டிக்கெட்டுகளுக்கு நான் ஆபீஸ் வந்து 9.30-க்குத்தான் பதில் போடுகிறேன், வீட்டிலிருந்தால் 8 மணிக்கே போடுவேன்" என்பது டீமுக்கான காரணம். மெயிலில் இதை முதலில் எழுதுங்க.

அடுத்தது சோதனைக் காலம். டிரிப்.காம் நிறுவனம் சீனாவில் 1,612 ஊழியர்களை வைத்து 6 மாதம் இப்படித்தான் சோதித்தது. ஒற்றைப்படைத் தேதியில் பிறந்தவர்களுக்குப் புதன், வெள்ளி வீட்டிலிருந்து வேலை. மற்றவர்களுக்கு முழு வாரமும் ஆபீஸ். 2024-ல் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது: வேலையை விட்டுப் போவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, செயல்திறன் மதிப்பீட்டில் வித்தியாசம் இல்லை. உற்பத்தித்திறன் குறையும் என்று முதலில் நினைத்த மேனேஜர்களே, சோதனை முடிந்ததும் சற்றுக் கூடும் என்றார்கள்.

நீங்கள் 6 வாரம் கேளுங்க. அதற்கு முந்தைய 8 வாரக் கணக்கை இப்போதே எடுத்து வையுங்க. வாரத்துக்குச் சராசரியாக 22 டிக்கெட் முடித்தீர்கள், 2 மறுபடி திறக்கப்பட்டன என்று வைப்போம். மெயிலில் இப்படி எழுதலாம்:

"புதன், வெள்ளி வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். வாரம் 20 டிக்கெட்டுக்குக் குறையாது, மறுபடி திறப்பவை 3-ஐத் தாண்டாது. தொடர்ந்து 2 வாரம் இது தவறினால் நானே ஆபீஸுக்குத் திரும்புகிறேன்."

அந்தக் கடைசி வரிதான் மேனேஜருக்குத் தைரியம் தரும்.

வீட்டு நாளை மட்டும் தனியாக எண்ணாதீங்க. சுலபமான டிக்கெட்டுகளை அன்றைக்கு ஒதுக்கினால் கணக்கு அழகாக வரும், ஆனால் பொய்யாக இருக்கும். முழு வாரத்தையும் எண்ணுங்க. 22 என்பது 23 ஆனால் "கூடிடுச்சு" என்று சொல்ல முடியாது. 6 வாரத்தில் அந்த அளவு ஏற்ற இறக்கம் சாதாரணம். "குறையவில்லை" என்று மட்டும் சொல்லுங்க, அதுவே போதும்.

கடைசியாக, மின்வாரியப் பராமரிப்புக்காகப் பகலில் கரண்ட் போகும் நாள் வரும். அன்றைக்கு ஆபீஸ் வந்துவிடுவேன் என்று மெயிலிலேயே சேர்த்துடுங்க. மேனேஜர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்!