'வர முடியாது' என்பதைச் சொல்லக் கற்பித்தல்: எட்டாம் வகுப்புக்கான ஓர் உரையாடல் பாடம்

அழைப்புக் கடிதம் எழுதுவதை மாணவர்களுக்குக் கற்றுத் தருகிறோம். நன்றிக் கடிதமும் வாழ்த்துமடலும் எழுத வைக்கிறோம். ஆனால், வந்த அழைப்பை ஏற்க முடியாதபோது என்ன பேசுவது என்பதைப் பெரும்பாலும் கற்றுத் தருவதில்லை. தோழியின் வீட்டுக் காதணி விழா, தம்பியின் பிறந்தநாள், அக்காவின் நிச்சயதார்த்தம், புதுமனை புகுவிழா என்று மாணவர்களுக்கு அழைப்புகள் வந்தபடியே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் எல்லாராலும் போக முடியாது. அந்த நேரத்தில் என்ன சொல்வது என்பதை இரண்டு பாடவேளைகளில் பயிற்றுவிக்கலாம். எட்டாம் வகுப்பில் நான் நடத்திவரும் முறையை இங்கே தருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை இதைப் பயன்படுத்தலாம்.

தொடக்கம்: வழக்கமாக என்ன சொல்கிறோம்?

"உன் நண்பன் தன் தங்கையின் காதணி விழாவுக்கு அழைக்கிறான். உன்னால் போக முடியாது. என்ன சொல்வாய்?" என்று கேட்டு, வரும் விடைகளைத் திருத்தாமல் கரும்பலகையில் எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று வகை விடைகள் வரும்.

முதல் வகை, "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருப்பது. இரண்டாம் வகை, "பார்க்கலாம்", "வர முயற்சி பண்றேன்" என்பது. மூன்றாம் வகை, காய்ச்சல் அல்லது ஊரில் இருக்கும் பாட்டி. பாட்டிக்கு உடல்நலம் சரியில்லை என்பதில் தொடங்கி, சில விடைகளில் பாட்டி இறந்தே போய்விடுவார். வகுப்பு சிரிக்கும். சிரித்து முடியட்டும்.

பிறகு, "இப்போது நீதான் விழா வீட்டுக்காரன். இந்த மூன்று விடைகளும் உனக்கு வருகின்றன. உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேள்வியைத் திருப்புங்கள். பாடம் உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

விழா வீட்டில் இலைக் கணக்கு இருக்கிறது, வேனில் இருக்கைக் கணக்கு இருக்கிறது என்பதை மாணவர்களே சொல்வார்கள். "வர்றேன்" என்றவருக்காக இடம் பிடித்து வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற அனுபவம் அவர்களில் சிலருக்கு உண்டு. "பார்க்கலாம்" என்ற சொல்லைக் கேட்பவர் வருவார் என்றும் எடுத்துக்கொள்ளலாம், வரமாட்டார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். சொல்பவர் அதில் ஒளிந்துகொள்கிறார், கேட்பவர் காத்திருக்கிறார். காய்ச்சல் என்று சொன்னவரையோ அன்று மாலையே கடைத்தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் அந்த நல்ல நண்பன் மறுநாள் சாத்துக்குடியோடு வீட்டுக்கு வந்து நிற்பான்.

மறுப்பால் வரும் வருத்தம் ஓரிரு நாளில் ஆறிவிடுகிறது. பொய் தெரிந்ததும் வருகிற, "என்னிடம்கூட உண்மையைச் சொல்லக்கூடாதா?" என்ற வருத்தம்தான் தங்கிவிடுகிறது. இந்த முடிவுக்கு மாணவர்கள் தாமாக வரும்வரை பொறுத்திருங்கள்.

ஒரு குறள் பற்றிய வாதம்

எந்த வகுப்பிலும் ஒரு மாணவராவது, "நல்லதுக்காகப் பொய் சொல்லலாம் என்று திருவள்ளுவரே சொல்லியிருக்கிறாரே" என்பார். வாய்மை அதிகாரத்தின் இரண்டாம் குறளை, அதாவது 292ஆம் குறளைத்தான் அவர் நினைக்கிறார். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிடாமல் குறளை எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். குற்றமற்ற நன்மையைத் தரும் என்றால்தான் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்பது அதன் பொருள். அந்த நிபந்தனையைக் காய்ச்சல் பொய்யின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நன்மை யாருக்கு? அழைத்தவருக்கு ஒன்றும் இல்லை. சொன்னவருக்கு அந்த நிமிடத்துச் சங்கடம் தீர்கிறது, அவ்வளவுதான். அடுத்த குறளையும் வாசித்தால், பொய்யென்று தெரிந்தே சொன்னவரை அவர் நெஞ்சே சுடும் என்ற கருத்து கிடைக்கும். வாதத்தை மாணவர்களிடமே விட்டுவிடலாம்.

மாட்டேன், முடியாது: இலக்கணம் உதவுகிறது

'வரமாட்டேன்', 'வர முடியாது' ஆகிய இரண்டையும் கரும்பலகையில் எழுதி வேறுபாட்டைக் கேளுங்கள். அழைப்புக்கு விடையாகச் சொல்லும்போது 'மாட்டேன்' என்பது விருப்பமின்மையாகக் காதில் விழுகிறது. 'முடியாது', 'இயலாது' என்பவை இயலாமையைக் காட்டுகின்றன. 'வர முடியாத சூழ்நிலை' என்பது இன்னும் மென்மையானது. வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்னாமல் 'போய் வருகிறேன்' என்று சொல்லும் வழக்கம் மாணவர்களுக்குத் தெரியும். அதே கவனம்தான் இதுவும். மென்மையாகச் சொல்வது வேறு, தெளிவில்லாமல் சொல்வது வேறு என்பதையும் இங்கேயே பிரித்துக் காட்டுங்கள். 'வர முடியாத சூழ்நிலை' மென்மையானது, ஆனால் தெளிவானது. 'பார்க்கலாம்' மென்மையானது, ஆனால் தெளிவற்றது.

ஒரு சூழலை முழுமையாகப் பார்ப்போம்

இரண்டாம் பாடவேளையில் இருவர் நடிக்க ஓர் அட்டை கொடுக்கிறேன். பெயர்கள் பாடத்துக்காக வைத்தவை.

கயலின் தம்பிக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை குலதெய்வக் கோவிலில் காதணி விழா. வேன் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். மதி அவளுடைய நெருங்கிய தோழி. மதியின் அப்பாவுக்கு இந்த மாதம் வேலை இல்லை. மொய் வைக்காமல் விழாவுக்குப் போவதில் மதியின் அம்மாவுக்கு விருப்பமில்லை. 'இந்த முறை வேண்டாம்' என்று சொல்லிவிட்டார்.

மொய் என்பது பெயர், ஊர், தொகை என்று நோட்டில் எழுதப்படுவது. பின்னாளில் திருப்பிச் செய்ய வேண்டியது. ஆகவே அந்த அம்மாவின் தயக்கம் மாணவர்களுக்கு விளக்காமலே புரியும். மதி என்ன சொல்ல வேண்டும் என்பதுதான் கேள்வி.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வீட்டுப் பணநிலையை வெளியே சொல்ல மதிக்கு உரிமை இருக்கிறதா என்று கேளுங்கள். "எங்க அம்மா விடமாட்டேங்கிறாங்க" என்பது உண்மைதான். ஆனால், அது அம்மாவைக் குற்றவாளி ஆக்குகிறது. கயல் தன் அம்மாவையே சிபாரிசுக்கு அழைத்து வந்துவிடுவாள். இப்படிப் பேசப் பேச ஒரு வேறுபாடு தெளிவாகும். இல்லாததைச் சொல்வது பொய். இருப்பதில் ஒரு பகுதியைச் சொல்லாமல் விடுவது பொய்யாகாது.

பலமுறை நடித்துத் திருத்திய பிறகு உரையாடல் ஏறக்குறைய இப்படி அமையும்:

கயல்: ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு வேன். நீ என் பக்கத்துலதான் உட்காரணும், சரியா?

மதி: குட்டிக்குக் காது குத்துறாங்களா! கேக்கவே சந்தோஷமா இருக்கு. ஆனா என்னால வர முடியாது கயல். வீட்டுல ஒரு சூழ்நிலை.

கயல்: ஏன்டி, என்ன ஆச்சு?

மதி: அதைச் சொல்ல வேணாம்னு நெனைக்கிறேன். உன் மேல ஒரு கோபமும் இல்ல. வரணும்னு எனக்கும் ஆசைதான்.

கயல்: அதெல்லாம் தெரியாது, நீ வரணும்.

மதி: முடியாதுடி. அதான் இப்பவே சொல்றேன், என் இடத்துல வேற யாரையாவது உட்கார வை. சனிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்கு வர்றேன். தாம்பூலப் பை போடுற வேலை இருக்கும்ல, ரெண்டு பேரும் சேர்ந்து போடுவோம்.

இந்த உரையாடலில் நான்கு செயல்கள் நடக்கின்றன. மதி முதலில் விழாவைக் குறித்து மகிழ்கிறாள். அடுத்த மூச்சிலேயே வர முடியாது என்கிறாள். காரணத்தில் உண்மையை மட்டும், தான் விரும்பும் அளவுக்குச் சொல்கிறாள். கடைசியாக, தன்னால் செய்ய முடிந்த ஒன்றைத் தருகிறாள். மாணவர்கள் நான்கையும் அடிக்கோடிட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

இவற்றில் மிகவும் கடினமான இடம், "ஏன்டி?" என்ற கேள்வி. இரண்டு முறை தள்ளிப் பார்த்தவர்கள் மூன்றாம் முறை கேட்கும்போது காய்ச்சலை எடுத்துவிடுகிறார்கள். இங்கே நிறுத்தி, கயல் உண்மையில் என்ன கேட்கிறாள் என்று விசாரியுங்கள். அவள் கேட்பது காரணத்தை அல்ல, 'என் மேல் ஏதாவது கோபமா?' என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால் காரணம் தெரியாமலே அவளால் ஏற்றுக்கொள்ள முடிகிறது. அதனால், "உன் மேல ஒரு கோபமும் இல்ல" என்ற வரி இருக்கிறதா என்று நடிப்பின்போது கவனியுங்கள். மீண்டும் கேட்டால் புதுக் காரணம் சேர்க்காமல், சொன்னதையே மெதுவாகத் திரும்பச் சொல்லப் பழக்குங்கள்.

பெரியவர்கள் அழைக்கும்போது அமைப்பு மாறுவதில்லை, மரியாதை மட்டும் கூடுகிறது. கயலின் அம்மா கேட்டால், "வரணும்னு ரொம்ப ஆசை அத்தை. இந்தத் தடவை வர முடியாத சூழ்நிலை. சனிக்கிழமை வந்து வேலை செய்றேன் அத்தை" என்பது போதும். எழுந்து நின்று, முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்திரிகையை நேரில் வந்து கொடுத்தவருக்கு மறுப்பையும் நேரில் சொல்வதே முறை. அடுத்தவர் மூலமோ குறுஞ்செய்தியிலோ சொல்லி அனுப்புவது அவரைக் குறைத்ததாகத் தோன்றும்.

எங்கே தவறுகிறார்கள்?

மாற்றாகத் தருவதைப் பெரிதாகச் சொல்லிவிடுவது வழக்கமான தவறு. "அடுத்த விசேஷத்துக்கு மொத ஆளா வந்து நிப்பேன்" என்பதும் ஒரு பொய்தான், தேதி மட்டும் தள்ளிப் போயிருக்கிறது. சனிக்கிழமை வருவதாகச் சொன்னால் சனிக்கிழமை போக வேண்டும். போக முடியும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், திங்களன்று பள்ளியில் விழாக் கதையைக் கேட்கிறேன் என்பதே போதும்.

காலம் தாழ்த்துவது இன்னொரு தவறு. முடியாது என்று தெரிந்த அன்றே சொல்ல வேண்டும். சனிக்கிழமை இரவு சொல்லப்படும் உண்மையால் இலைக் கணக்குக்குப் பயனில்லை.

அழைப்பவருக்கும் பயிற்சி தேவை. அடுத்த சுற்றில் பாத்திரங்களை மாற்றி, "சரிடி, பரவாயில்ல. சனிக்கிழமை வா" என்று கயல் ஒரே முறையில் ஏற்றுக்கொள்வதாக நடிக்கச் செய்யுங்கள். 'ஏன்' என்பதை ஒருமுறைக்கு மேல் கேட்காத நண்பர்கள் இருக்கும் வகுப்பில் பொய்க்குத் தேவை குறைகிறது.

ஆசிரியர் கவனத்துக்கு

இந்தப் பாடத்தில் மாணவர்களின் சொந்தக் காரணங்களைக் கேட்காதீர்கள். பணமில்லாமை, உறவுகளுக்குள் பேச்சுவார்த்தை இல்லாமை, பெண் பிள்ளையை வெளியூர் அனுப்பாத வீடு, போட்டுக்கொள்ள நல்ல உடை இல்லாமை என்று அந்த வகுப்பறையிலேயே பல காரணங்கள் உட்கார்ந்திருக்கும். அட்டையில் உள்ள சூழலை மட்டும் பேசுங்கள். வகுப்பில் உண்மையாகவே இப்படி ஒரு நிலையில் யாராவது இருப்பது தெரிந்தால், அன்று வேறு அட்டையை எடுங்கள்.

வீட்டில் துக்கம் நேர்ந்தவர்கள் சுப நிகழ்ச்சிகளுக்குப் போகாமலிருப்பது பல குடும்பங்களில் வழக்கம். அதை அனைவரும் புரிந்துகொள்வார்கள், விளக்கம் தேவைப்படாது. உயிரோடு இருக்கும் பாட்டியை மாணவர்கள் சாகடிப்பதும் இதனால்தான். அந்தச் சொல்லை ஒருமுறை பொய்யாகப் பயன்படுத்தியவர், உண்மையாகத் தேவைப்படும் நாளில் அதன் மதிப்பை இழந்து நிற்பார் என்று சொன்னால் வகுப்பில் சிரிப்பு அடங்கிவிடும்.

மதிப்பீடு

புதுமனை புகுவிழாவுக்கு அழைத்த நண்பனுக்கு ஐந்து வரிகளில் விடைக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். திருத்தும்போது நான்கு கேள்விகள் போதும். மகிழ்ச்சி சொல்லப்பட்டிருக்கிறதா? வர முடியாது என்பது முதல் மூன்று வரிகளுக்குள் ஐயமின்றி இருக்கிறதா? நண்பன் மேல் வருத்தம் இல்லை என்பது தெரிகிறதா? செய்வதாகச் சொன்னது அந்த மாணவரால் செய்யக்கூடியதுதானா? காரணம் எழுதப்படாத கடிதத்துக்கு மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டாம்.