கட்டிலருகே தரையில் கிடந்தார்: குறிப்பேட்டில் எப்படி எழுதுவது?

கேள்வி: ஆரணியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். இரவுப் பணியில் நோயாளி விழுந்துவிட்டால் கேஸ் ஷீட்டில் என்ன எழுத வேண்டும்?

பதில்: விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை என்றால் 'வழுக்கி விழுந்தார்' என்று எழுதாதீர்கள். அது ஊகம். கண்டதை மட்டும் எழுதுங்கள். இப்படி:

"இரவு 2.10. கட்டிலின் இடப்பக்கம் தரையில் வலப்பக்கமாகப் படுத்திருந்தார். 'பாத்ரூம் போக எழுந்தேன், தலை சுற்றியது' என்றார். நினைவு தெளிவு. நெற்றியில் 2 செ.மீ. வீக்கம், ரத்தக்கசிவு இல்லை. கழுத்து வலி இல்லை, கைகால் அசைக்கிறார். பிபி 100/60, நாடி 96, சர்க்கரை 112. தரை உலர்ந்திருந்தது, பக்கத் தடுப்பு இறங்கியிருந்தது. பரிசோதித்த பின் இருவர் சேர்ந்து கட்டிலில் ஏற்றினோம். 2.15 டியூட்டி டாக்டருக்குப் போனில் தெரிவித்தேன்; 2.25 வந்து பார்த்தார். 2.40 மகனுக்குத் தகவல்."

'டாக்டருக்குச் சொல்லப்பட்டது' என்பது போதாது. மேலுள்ள மாதிரியில் இல்லாவிட்டாலும், உங்கள் கேஸ் ஷீட்டில் அவர் பெயர், நேரம், அவர் சொன்ன உத்தரவு மூன்றும் வேண்டும். நோயாளி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுபவரா என்பதையும் டாக்டரிடம் சொல்லி, சொன்னதாக எழுதுங்கள். மூளைக்குள் ரத்தக்கசிவு பல மணி நேரம் கழித்தும் தெரியலாம். அதனால் தலையில் அடிபட்டவருக்கு முதல் 2 மணி நேரம் அரை மணிக்கொருமுறை நினைவு, கண்மணி, பிபி பார்த்துக் குறிப்பது வழக்கம். பிறகு இடைவெளியை டாக்டர் சொல்வார்.

யார் தவறு என்ற விசாரணை கேஸ் ஷீட்டில் வேண்டாம்; அதற்குச் சம்பவ அறிக்கைப் படிவம் தனியாக இருக்கிறது. விட்டுப்போனது பின்னர் நினைவுக்கு வந்தால், பழைய வரியைத் திருத்தாமல், எழுதும் நேரத்தோடு 'தாமதக் குறிப்பு' என்று புதிதாகச் சேர்த்துக் கையெழுத்திடுங்கள்.