பொறாமையைப் பிரித்துப் பார்த்தபோது

எனக்குச் சொந்த ஊர் தொப்பூர். வேலை ஓசூரில், ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில். மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன்தான், ஆனாலும் ஸ்பேனர் பிடித்த நாளைவிட இன்டென்ட் எழுதிய நாளே அதிகம். சம்பளம் தேதி தவறாமல் வந்துவிடும். "வேற என்னதான் வேலை உனக்குப் பிடிக்கும்?" என்று யாராவது கேட்டால் மட்டும் வாய் அடைத்துப்போகும். நேராகக் கேட்டால் மனசு வீட்டுக் கடனையும் அம்மாவின் மருந்துச் செலவையும் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். அதனால் கேள்வியை மாற்றினேன். யாரைப் பார்த்து வயிறு எரிகிறது, எதை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது, யாரும் கேட்காமலே எதைத் துருவிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன்.

பொறாமைப் பட்டியலில் முதல் பெயர் சித்தி மகனுடையது. பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை, சொந்த ஃப்ளாட். அடுத்தது, பெயரே தெரியாத ஒரு சர்வேயர். நிலம் அளப்பவர் இல்லை, விபத்தில் சிக்கிய வண்டியைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் சர்வேயர். தொப்பூர்க் கணவாய் இறக்கத்தில் கவிழ்ந்த ஒரு லாரியை ரோட்டோரக் காலிமனையில் இழுத்துப் போட்டிருந்தார்கள். அதன் அடியில் சாக்கை விரித்துப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார் அவர். நல்ல வெயில். சட்டையெல்லாம் கிரீஸ். அவர்மேல் எனக்கு எதற்குப் பொறாமை வரவேண்டும்?

இதற்கு ஒரு கழித்தல் கணக்குப் போட்டேன். சித்தி மகனிடமிருந்து சம்பளத்தையும் ஃப்ளாட்டையும் எடுத்துவிட்டால் பகல் முழுக்க அவன் செய்யும் வேலைதான் மிச்சம். அதை எனக்குக் கொடுத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆக, அது பணத்தின் மேல் வந்த பொறாமை. தப்பில்லை, ஆனால் தொழிலைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. சர்வேயரிடம் கழிப்பதற்கே ஒன்றுமில்லை. வெயிலும் கிரீஸும் சேர்ந்தே எனக்கு வேண்டியிருந்தது.

அமெரிக்க எழுத்தாளர் கிரெட்சன் ரூபினும் இதே மாதிரி ஒன்றைச் சொல்லியிருக்கிறார். சட்டம் படித்து, உச்ச நீதிமன்ற நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானரிடம் பணியாற்றியவர் அவர். கல்லூரியின் பழைய மாணவர் இதழைப் புரட்டும்போது, சட்டத்துறையில் பெரிய ஆளானவர்களைப் பற்றிய செய்தி அவரைப் பெரிதாக அசைக்கவில்லையாம். எழுத்துத் தொழிலுக்குப் போனவர்களைப் பற்றிப் படித்தபோதுதான் பொறாமை பொங்கியதாம். ஒரே இதழில் இரண்டு விதமான உணர்ச்சி. அந்த வித்தியாசத்தைத்தான் கவனிக்க வேண்டும். ஒரே ஒரு பொறாமையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஜாதகம் பார்க்கக் கூடாது.

வருத்தம் இதைவிடச் சிக்கலானது. டிப்ளமோ முடித்த கையோடு சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருந்த மாமா கூப்பிட்டார். நான் ஓசூர் கம்பெனிக்குப் போனேன். "அன்னைக்கே மாமாகிட்டப் போயிருந்தா சொந்தப் பட்டறையே வச்சிருப்பே" என்று வீட்டில் இப்போதும் சொல்வார்கள். என் வருத்தமும் அதுதான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் முதலாளி ஆகாதது எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. திரும்பத் திரும்ப வந்தது ஒரு காட்சிதான்: அடிபட்டு வந்த வண்டியைப் பிரிக்கும்போது மாமா ஒவ்வொரு உதிரியையும் கையில் எடுத்து, "இதுதான் முதல்ல போயிருக்கு" என்று சொல்வது. வருத்தத்தை ஒரு பதவியின் பெயராக எழுதினால் அது மற்றவர்கள் சொல்லிக்கொடுத்ததாகவும் இருக்கலாம். ஒரு செயலாக எழுதினால்தான் நம்முடையது பிடிபடும்.

ஆர்வத்தைத்தான் நான் கடைசிவரை நம்பவில்லை. விபத்து என்றால் யார்தான் வண்டியை நிறுத்திப் பார்க்க மாட்டார்கள்? தொப்பூர்க்காரனுக்கு அதில் தனி ஆர்வம் என்று சொல்வதே வேடிக்கை. ஆனால் கூட்டம் பார்ப்பது ஆட்களை. ஆம்புலன்ஸ் போனதும் கலைந்துவிடும். நான் அதற்குப் பல நாள் கழித்தும், யாருமே இல்லாத மனையில் கிடந்த வண்டியைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன். தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் லாரிகளே ஏன் அதிகம் கவிழ்கின்றன? டீக்கடையில் டிரைவர்களைக் கேட்டேன். "டீசல் மிச்சமாகும்னு நியூட்ரல்ல விடுவாங்க தம்பி" என்றார்கள். சரி, நியூட்ரலில் விட்டால் ஏன் பிரேக் பிடிக்காது? கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் மொத்தப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனிங்கும் பளபளப்பாகி வழுக்கும். முதல் பதிலோடு திருப்தி அடைந்துவிட்டால் அது வேடிக்கை. பதில் அடுத்த கேள்வியைக் கிளப்பினால் அதைக் கவனிக்கலாம்.

ஆர்வத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. ஐராவதம் மகாதேவன் 1954இல் ஐ.ஏ.எஸ். ஆனவர். நிர்வாக வேலைக்கு நடுவே பழந்தமிழ்க் கல்வெட்டுகளையும் சிந்துவெளி எழுத்துகளையும் துருவிக்கொண்டிருந்தார். 1977இல் அவர் வெளியிட்ட நூல் சிந்துவெளிக் குறியீடுகளின் தொகுப்பும் அடைவும். எந்தக் குறி எந்த வரியில், எந்தக் குறிக்குப் பக்கத்தில் வருகிறது என்று பக்கம் பக்கமாக அட்டவணை. பின்னர் விருப்ப ஓய்வு பெற்றார். புதிரில் மயங்கியவர்கள் ஏராளம். அட்டவணை போட உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர்? எனக்கும் அந்தச் சோதனை தேவைப்பட்டது. சலிப்பான பாதியைப் பார்த்த பிறகும் ஆசை இருக்கிறதா?

அந்தச் சர்வேயரைத் தேடிப் பிடித்து, விடுமுறை நாளில் கூட வரட்டுமா என்று கேட்டேன். முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு, "தம்பி, கிட்ட வா. டிரம் நீலம் பாய்ஞ்சிருக்கு பாரு. மேல இருந்தே மிதிச்சுக்கிட்டு வந்திருக்கான்" என்றார். ஹெட்லைட் பல்பைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மோதும்போது எரிந்துகொண்டிருந்தால் இழை சூட்டில் இளகி நீண்டு வளைந்திருக்கும். அணைந்திருந்தால் அப்படி வளையாது. கியர் லீவர் நியூட்ரலில் இருந்தது. அதை மட்டும் வைத்து எழுதிவிடக் கூடாது, வண்டியைக் கட்டி இழுப்பவர்களே நியூட்ரலில் தள்ளியிருப்பார்கள் என்றார்.

அது வேலையின் ருசியான பாதி. மற்ற பாதி மேஜையில். ஆர்.சி., லைசென்ஸ், பர்மிட், எஃப்.சி. தேதிகளைச் சரிபார்க்க வேண்டும், லோடு பில்லை எடையோடு ஒப்பிட வேண்டும். பிறகு பட்டறைக்காரர் கொடுத்த எஸ்டிமேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் தேய்மானம் கழிக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்குப் பாதி, கண்ணாடிக்குக் கழிவில்லை, இரும்புப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. வண்டி உரிமையாளர் ஒரு பக்கம் கத்துவார், கம்பெனி இன்னொரு பக்கம் கேள்வி கேட்கும். கொட்டாவி வரத்தான் செய்தது. ஆனால் ஸ்டோர்ஸ் கணக்கில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவனுக்கு அது பெரிய தண்டனையாகத் தெரியவில்லை. தண்டம் என்று நினைத்த அனுபவம் இங்கே கைகொடுத்தது.

சர்வேயர் ஆவதற்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உரிமம் வேண்டும். மோட்டார் பிரிவுக்கு என் டிப்ளமோ போதும். உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரிடம் 12 மாதப் பயிற்சி, பிறகு தேர்வு. உரிமம் வந்தாலும் வேலை தானாக வராது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் கூப்பிட்டால்தான் உண்டு, கட்டணமும் உடனே கைக்கு வராது. எனவே ஓசூர் வேலையை உடனே விடவில்லை. ஷிஃப்டை மாற்றிக் கேட்டிருக்கிறேன். பயிற்சிக்கான விண்ணப்பத்தில் அந்தச் சர்வேயரே கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறார். வீட்டில் இன்னும் மாமாவின் பட்டறையைப் பற்றித்தான் பேச்சு. மாமாவோ, "இனிமே என் எஸ்டிமேட்டை வெட்டறது நீதானா?" என்கிறார்.