இலவச ஆப்புக்குள் கல்லாப்பெட்டி வந்த கதை

கேள்வி: என் மகன் விளையாடும் ஆப் இலவசம்தான். உள்ளே போனால் நாணயம் வாங்கு, வைரம் வாங்கு என்கிறது. இது யார் தொடங்கிய பழக்கம்? ஒரே விலை சொல்லி விற்றுவிட்டுப் போகக்கூடாதா?
– ஒரு வாசகி, கரூர்

பதில்: முதலில் அப்படித்தான் விற்றார்கள். 2008 ஜூலையில் ஆப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தபோது அங்கே சுமார் 500 ஆப்கள் இருந்தன. ஒன்று இலவசம், இல்லையென்றால் ஒரு விலை. விலையில் நூற்றுக்கு 30 ஆப்பிளுக்கு, 70 செய்தவருக்கு. வாங்கும் முன் ருசி பார்க்க வழி இல்லாததால், பலர் 'லைட்' என்று ஒரு இலவசக் குட்டி ஆப்பைத் தனியாகப் போட்டார்கள். அது பிடித்துப்போனால் முழு ஆப்பைக் காசு கொடுத்து வாங்கி, பெரும்பாலும் முதலிலிருந்து ஆடவேண்டும்.

2009 ஜூனில் ஆப்புக்குள்ளேயே விற்கும் வசதி வந்தது. ஆனால் விலையுள்ள ஆப்களுக்கு மட்டும். இலவசம் என்றால் கடைசிவரை இலவசம் என்பதுதான் அப்போது ஆப்பிள் சொன்ன பேச்சு. அந்தப் பேச்சு அக்டோபர் வரை தாங்கியது. அந்த மாதம் இலவச ஆப்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்கள். உங்கள் மகனின் வைரங்கள் அந்த வழியாக வந்தவைதான்.

ஒரே விலை ஏன் எடுபடுவதில்லை? வரவு செலவு எழுதும் ஆப் ஒன்றை 100 ரூபாய்க்கு விற்கிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வரியை விடுங்கள், அந்த 30 பங்கு போனால் கையில் 70 வரும். வாங்கியவரின் கணக்கைச் சர்வரில் வைத்துக் காப்பாற்ற மாதம் 3 ரூபாய் ஆனால், சுமார் 23 மாதத்தில் அந்த 70 கரைந்துவிடும். அவரோ ஐந்து வருஷம் எழுதுவார். அதனால்தான் இப்படிப்பட்ட ஆப்கள் சந்தாவுக்கு மாறுகின்றன. 2016-இல் ஆப்பிள் எல்லா வகை ஆப்களுக்கும் சந்தாவை அனுமதித்தது. ஓராண்டு தாண்டிய சந்தாதாரரிடம் தன் பங்கை 15 ஆகக் குறைத்துக்கொண்டது. சர்வரே வேண்டாத கால்குலேட்டர் மாதச் சந்தா கேட்டால் மட்டும் எனக்கு எரிச்சல் வரும்.

சந்தாவுக்குப் பதில் விளம்பரம் போட்டால் என்ன? அதில் ஆயிரம் முறை காட்டினால் இவ்வளவு என்றுதான் பெரும்பாலும் கணக்கு. மணிக்கணக்கில் ஆடும் விளையாட்டுக்கு அது கட்டுப்படியாகும். நாளுக்கு ஒரு நிமிஷம் திறக்கும் வரவு செலவு ஆப்புக்குச் சர்வர் செலவுகூடத் தேறுவது கஷ்டம்.

உள்ளே விற்கும் பொருளில் இரண்டு ரகம் உண்டு. விளம்பரத்தை நீக்குவது போன்றவை ஒருமுறை வாங்கினால் தங்கும். போனை மாற்றினாலும் அதே கணக்கில் `Restore Purchases` என்பதை அழுத்தினால் திரும்பிவிடும். நாணயம், வைரம் எல்லாம் தீரும் சரக்கு. அந்தப் பொத்தானுக்கு அவை திரும்பாது. விளையாட்டு தனியாக ஒரு கணக்கு வைத்துச் சேமித்திருந்தால் உண்டு, இல்லையென்றால் பழைய போனோடு போச்சு. மகன் அடுத்த முறை காசு கேட்டால், வாங்கப்போவது எந்த ரகம் என்று கேளுங்கள்.