மாடி கட்டிய செலவை எங்கே கூட்டுவது?

நாட்றாம்பாளையம், அஞ்செட்டி பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் பல, அங்கேயே சின்னதாக ஒரு வீடு வாங்கி, சில வருடம் கழித்து வாடகைக்கென்று மேலே ஒரு மாடி எழுப்பியிருக்கின்றன. இப்போது அந்த வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கில் இரண்டு தரப்பாகத் தடுமாறுகிறார்கள். ஒரு தரப்பு, பத்திரத்தில் உள்ள விலையை மட்டும் கழித்துவிட்டு மாடிச் செலவை மறந்துவிடுகிறது. இன்னொரு தரப்பு, வாங்கிய விலையோடு மாடிச் செலவையும் கூட்டி, மொத்தத்தையும் வாங்கிய வருடத்துச் செலவாகக் காட்டிவிடுகிறது. முதல் தரப்பு வரியை அதிகமாகக் கட்டுகிறது. இரண்டாவது தரப்புக்கு நோட்டீஸ் வருகிறது.

படி 1: வரி உண்டா என்று பாருங்கள்

விற்றது நாட்றாம்பாளையத்து மானாவாரி நிலம் என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குத் தேவையில்லை. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்கு வெளியே, சட்டம் சொல்லும் தூரத்தையும் தாண்டி இருக்கும் விவசாய நிலம் மூலதனச் சொத்தே அல்ல. ஓசூர் அளவுள்ள ஊருக்கு, அதாவது மக்கள்தொகை 1 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள ஊருக்கு, அந்தத் தூரம் 6 கிலோமீட்டர். சாலை வழியாக அளக்கக் கூடாது, நேர்கோட்டில் அளக்க வேண்டும். அதற்குள் இருக்கும் விவசாய நிலத்துக்கும், எங்கே இருந்தாலும் வீட்டுக்கும் மனைக்கும், கணக்குப் போட்டே ஆக வேண்டும்.

படி 2: எது மேம்பாடு, எது பராமரிப்பு

சொத்தில் முன்பு இல்லாத, நிலையான ஒன்றைச் சேர்த்தால் அது மேம்பாட்டுச் செலவு. மாடி, மாடிப்படி, சுற்றுச்சுவர், போர்வெல், புதிதாகக் கட்டிய கழிப்பறை, செப்டிக் டேங்க், மேட்டு நிலத்தைச் சமன் செய்தது எல்லாம் இதில் வரும். வெள்ளையடித்தது, ஒழுகிய தளத்துக்குப் பூச்சு போட்டது, உடைந்த குழாயை மாற்றியது பராமரிப்பு. கட்டில், ஏசி, ஃபேன் எதுவும் வீட்டின் பாகம் ஆகாது.

வாடகைக்கு விட்ட வீட்டில் இதை இன்னும் கறாராகப் பாருங்கள். வாடகை வருமானத்தில் 30 சதவீதத்தைச் சட்டமே கழித்துக் கொடுக்கிறது. பராமரிப்பெல்லாம் அதற்குள் அடக்கம். வேறு தலைப்பில் கழிக்கக்கூடிய செலவை மேம்பாடாகவும் காட்ட முடியாது.

வங்கிக் கடனில் கட்டியிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கடனாக வாங்கிக் கட்டடத்தில் போட்ட தொகைதான் செலவு. பிறகு கட்டிய தவணைகளை அதோடு கூட்டினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். வட்டியை ஏற்கெனவே வீட்டு வருமானக் கணக்கில் கழித்திருந்தால் அதையும் இங்கே சேர்க்கக் கூடாது. 2023 நிதிச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அப்பாவிடமிருந்து வந்த வீடு என்றால் அவர் வாங்கிய விலையும், அவர் செய்த மேம்பாடும் உங்கள் கணக்கில் சேரும். ஆனால் 1.4.2001-க்கு முன் யார் செய்த மேம்பாடும் தனிச் செலவாக வராது. அதற்கு முன் வாங்கிய சொத்துக்கு 1.4.2001 அன்று இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அந்த மதிப்பும் அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது.

படி 3: செலவை நிதியாண்டு வாரியாகப் பிரியுங்கள்

ஒவ்வொரு நிதியாண்டுக்கும் ஒரு தாள் போடுங்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு தாள். கட்டுமானம் ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டில் முடிந்திருந்தால் இரண்டு தாள். "மாடிக்கு மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகையை ஆடிட்டரிடம் கொடுக்காதீர்கள். ஏன் என்பது அடுத்த படியில் தெரியும்.

படி 4: கணக்கு இரண்டு, கூட்டும் இடமும் இரண்டு

எல்லோரும் சறுக்கும் இடம் இது. 23.7.2024 முதல் நடக்கும் விற்பனைக்கு, 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த சொத்தின் ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம், இண்டெக்ஸேஷன் கிடையாது. ஆனால் அந்தத் தேதிக்கு முன் வாங்கிய நிலம், வீட்டுக்கு, இந்தியாவில் வசிப்பவராக இருக்கும் தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பழைய முறையிலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அது இண்டெக்ஸேஷனோடு 20 சதவீதம். இரண்டில் எந்த வரி குறைவோ அதைக் கட்டினால் போதும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

12.5 சதவீதக் கணக்கில் வாங்கிய விலையையும் மேம்பாட்டையும் நேராகக் கூட்டிக் கழித்துவிடலாம். 20 சதவீதக் கணக்கில் அப்படிக் கூட்டக் கூடாது. ஒவ்வொரு செலவையும் அது நடந்த ஆண்டின் குறியீட்டு எண்ணால் தனித்தனியே உயர்த்திய பிறகுதான் கூட்ட வேண்டும்.

```
உயர்த்திய செலவு = செலவு × விற்ற ஆண்டின் எண் ÷ செலவான ஆண்டின் எண்
```

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 2005 ஜூனில் ஓசூரில் ஒரு வீடு, முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 8,00,000 ரூபாய். 2013 ஜனவரியில் மாடி வேலை தொடங்கியது. அந்த மார்ச்சுக்குள் 7,00,000 செலவு, ஏப்ரலுக்குப் பிறகு 5,00,000. 2025 நவம்பரில் 75,00,000-க்கு விற்பனை, தரகு 75,000. வழிகாட்டி மதிப்பு விற்ற விலைக்குள்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது விற்ற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால், விற்பனைத் தொகையாக அதையே எடுக்க வேண்டும்.

தரகு போக மிச்சம் 74,25,000. 12.5 சதவீத முறையில் இதிலிருந்து 8 லட்சமும் 12 லட்சமும் கழித்தால் ஆதாயம் 54,25,000. வரி 6,78,125.

20 சதவீத முறைக்குக் குறியீட்டு எண்கள் வேண்டும். 2005-06க்கு 117, 2012-13க்கு 200, 2013-14க்கு 220, விற்ற 2025-26க்கு 376. வாங்கிய 8 லட்சம் 25,70,940 ஆகிறது. முதல் 7 லட்சம் 13,16,000 ஆகிறது. அடுத்த 5 லட்சம் 8,54,545 ஆகிறது. மூன்றும் சேர்ந்து 47,41,485. ஆதாயம் 26,83,515. வரி 5,36,703. இதுதான் குறைவு, இதையே கட்ட வேண்டும். இரண்டு முறையிலும் 4 சதவீத செஸ் தனி.

மாடிச் செலவை மறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 12.5 சதவீத முறையில் வரி 8,28,125, இண்டெக்ஸேஷன் முறையில் 9,70,812. அதாவது இண்டெக்ஸேஷனால் பயனில்லை என்ற முடிவுக்கே வந்திருப்பீர்கள். மாடியைச் சேர்த்தால் எந்த முறை லாபம் என்பதே தலைகீழாகிறது. அதனால் மேம்பாட்டைச் சேர்த்து முடிக்காமல் எந்த முறை என்று முடிவு செய்யாதீர்கள்.

இனி நோட்டீஸ் வரவழைக்கும் கணக்கு. 8 லட்சத்தோடு 12 லட்சத்தைக் கூட்டி, 20 லட்சத்தையும் 2005-06 எண்ணால் உயர்த்தினால் 64,27,350 வரும். வரி 1,99,530 என்று சுருங்கிவிடும். 2013-ல் கட்டிய மாடிக்கு 2005-லிருந்து விலையேற்றம் கேட்பது இது. மனைவரியில் சேர்ந்த தேதியைக் கேட்டாலே கணக்கு உடைந்துபோகும். வட்டியும் அபராதமும் சேர்ந்துகொள்ளும்.

இண்டெக்ஸேஷன் முறையில் ஆதாயம் மைனஸில் போனால் வரி பூஜ்யம், அவ்வளவுதான். அதை நஷ்டம் என்று காட்டி வேறு ஆதாயத்தில் ஈடுகட்ட முடியாது.

விற்பதற்கு முந்தைய 24 மாதத்துக்குள் கட்டடம் எழுப்பியிருந்தால் இந்தக் கணக்கை நீங்களாகவே முடிக்காதீர்கள். நிலம் வேறு சொத்து, கட்டடம் வேறு சொத்து என்று உயர் நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. காலி மனையில் புது வீடு கட்டிச் சீக்கிரம் விற்றால், கட்டடத்தின் பங்கு குறுகிய கால ஆதாயமாகி, உங்கள் வழக்கமான வரி விகிதத்துக்குள் வரலாம். அங்கே ஆடிட்டரின் கையெழுத்து வேண்டும்.

படி 5: ஆதாரம்

கொத்தனாருக்கு வாரக்கூலி கையில் கொடுத்திருப்பீர்கள், கம்பிக்கும் சிமெண்டுக்கும் துண்டுச் சீட்டு வாங்கியிருப்பீர்கள். பாதி தொலைந்திருக்கும். ரொக்கத்தில் கொடுத்ததாலேயே செலவு தள்ளுபடி ஆகாது. ஆனால் பணம் எங்கிருந்து வந்தது, மாடி எப்போது வந்தது என்ற இரண்டு கேள்விக்கும் காகிதத்தில் பதில் வேண்டும்.

கட்டடக் கடன் வாங்கியிருந்தால் அந்த வங்கிக் கோப்புதான் முதல் சாட்சி. எஸ்டிமேட்டும், கட்டம் கட்டமாகப் பணம் விடுவித்த தேதிகளும் அதில் இருக்கும். நிதியாண்டு பிரிப்பதற்கும் அதுவே போதும். கடன் இல்லையென்றால் கட்டட அனுமதி வரைபடம், மாடிக்குத் தனியாக வாங்கிய மின் இணைப்பின் தேதி, சொத்து வரி உயர்ந்த அரையாண்டின் ரசீது, அந்த மாதங்களில் பாஸ்புக்கில் எடுத்த தொகைகள், நகை அடகு ரசீது ஆகியவற்றை வரிசையாக அடுக்குங்கள். பதிவு பெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் உதவும். ஆனால் அது மற்றவற்றுக்குத் துணை மட்டுமே. தொகையை அவர் சொல்லலாம், தேதியை ரசீதுதான் சொல்ல வேண்டும்.

மேஸ்திரியிடம் இன்று பழைய தேதி போட்டு பில் வாங்க நினைக்காதீர்கள். 2013-ல் ஜிஎஸ்டி கிடையாது. அந்த வருடத்து பில்லில் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்தால் அந்த ஒரு வரியே உங்கள் மற்ற உண்மையான ஆதாரங்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

படி 6: படிவத்தில் ஏற்றுவது

சம்பளக்காரர் வழக்கமாகப் போடும் ITR-1 இதற்கு ஆகாது, ITR-2 வேண்டும். Schedule CG பகுதியில் Cost of acquisition கட்டத்தில் வாங்கிய விலை மட்டும். Cost of improvement கட்டத்தில் ஒவ்வொரு ஆண்டையும் தனி வரியாக ஏற்றுங்கள். மேலே போட்ட தாள்கள் இங்கே அப்படியே உதவும்.

விலை 50 லட்சத்தைத் தொட்டிருந்தால் வாங்கியவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார். அந்தத் தொகை உங்கள் 26AS-ல் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, மறக்காமல் வரியில் கழித்துக்கொள்ளுங்கள்.

கணக்கைத் தாக்கல் செய்ததும் தாள்களைக் குப்பையில் போடாதீர்கள். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று துறை கருதினால், மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்தேகால் வருடம் வரை பழைய கணக்கைத் திறக்க முடியும். ஆறு வருடத்துக்கு ஒரே ஃபைலில் வைத்திருங்கள், மங்கும் ரசீதுகளுக்கு இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.