கண்ணாடிச் சட்டத்தில் விழும் நம் பிம்பம்: எதிரொளிப்பு விதிகளைக் கொண்டு ஒரு செயல்திட்டம்

மயிலாடியில் கற்சிற்பக் கூடங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் பழைய வரலாறு ஏடுகளில் இருப்பதைவிடச் சுவரில் மாட்டிய படங்களில்தான் அதிகம் இருக்கிறது. எங்கள் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அந்தப் படங்களைக் கைப்பேசியில் பதிவு செய்து தொகுக்கும் செயல்திட்டத்தைச் செய்தார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு படத்திலும் ஒரே இடையூறு வந்தது. சட்டத்தின் கண்ணாடியில், கைப்பேசியை உயர்த்திப் பிடித்த மாணவரின் உருவமும் சேர்ந்து பதிந்துவிட்டது. அதை நீக்க நாங்கள் செய்தவை அனைத்தும் அறிவியல் பாடத்தின் எதிரொளிப்பு விதிகளிலிருந்தே வந்தவை. ஆகவே, வகுப்பில் அப்படியே பயன்படுத்தும் வகையில் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தைக் கழற்றிப் படத்தை வெளியே எடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததே என்று தோன்றும். எங்களுக்கு முக்கியமாக இருந்த ஒரு படத்தில் அது முடியவில்லை. பாதி முடிந்த கருங்கல் சிலையின் அருகே சிற்பிகள் நிற்கும் குழுப்படம் அது. அந்தக் குடும்பத்தில் அதற்கு வேறு படி இல்லை. "கழத்தப்பிடாது மக்களே, படம் கண்ணாடியோட ஒட்டிப் போச்சு" என்று வீட்டுப் பெரியவர் தடுத்தார். அவர் சொன்னது சரி. பழைய புகைப்படத் தாளின் மேற்பரப்பில் ஜெலட்டின் படலம் உண்டு. ஈரக்காற்றில் அது இளகிக் கண்ணாடியுடன் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் படலம் கண்ணாடியோடு போய்விடும், கையில் தாள் மட்டுமே மிஞ்சும். அப்படிப்பட்ட படத்தைக் கண்ணாடி வழியாகத்தான் எடுக்க வேண்டும்.

கருமையான இடத்தில் மட்டும் பிம்பம் தெரிவது ஏன்?

மாணவர்கள் முதலில் கேட்ட கேள்வி இது. சிற்பிகளின் வெள்ளை வேட்டியில் தெரியாத பிம்பம், அவர்களுடைய தலைமுடியிலும் கருங்கல்லிலும் தெளிவாகத் தெரிந்தது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. நேராக விழும் ஒளியில் ஒரு பரப்பு எதிரொளிக்கும் பங்கைக் கீழ்க்காணும் கணக்கு தருகிறது.

(1.5 − 1)² ÷ (1.5 + 1)² = 0.04

அதாவது 4 விழுக்காடு. கண்ணாடிக்கு முன்பரப்பு, பின்பரப்பு என இரண்டு உண்டு என்பதால் மொத்தம் சுமார் 8 விழுக்காடு. படம் ஒட்டிய இடத்தில் பின்பரப்பின் எதிரொளிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். வெள்ளைச் சட்டை தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது என்று கொள்வோம். அதில் 8 விழுக்காடு என்றால் ஏறக்குறைய 6. படத்தில் உள்ள கருமையான முடி திருப்பி அனுப்புவதும் சுமார் 5தான். அங்கே 5 என்பது 11 ஆகிறது, கருமை இரு மடங்கு வெளுத்துவிடுகிறது. வேட்டியில் 80 என்பது 86 ஆகிறது, அது கண்ணுக்குப் படுவதில்லை.

இதிலிருந்து முதல் வேலை தெரிகிறது. படம் எடுப்பவர்மேல் விழும் ஒளியைக் குறைத்து, சட்டத்தின்மேல் விழும் ஒளியைக் கூட்ட வேண்டும். எடுப்பவருக்குப் பின்னால் திறந்திருக்கும் கதவைச் சாத்த வேண்டும். தலைக்கு மேல் எரியும் குழல்விளக்கை அணைக்க வேண்டும். சட்டத்தின் பக்கவாட்டிலிருந்து, ஏறக்குறைய 45 பாகையில், சன்னல் வெளிச்சம் விழுமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். எடுப்பவர் கருநிற உடை அணிந்தால் மேலும் நல்லது.

எவ்வளவு விலகி நிற்க வேண்டும்?

தளக் கண்ணாடியில் பிம்பம் நமக்கு நேர் எதிரே, நாம் நிற்கும் அதே தொலைவில் பின்னால் தோன்றும். நம் கண்ணுக்கு அது கண்ணாடிப் பரப்பில் அடைத்துக்கொள்ளும் இடம் நம் உண்மையான அளவில் பாதி. 50 செ.மீ. அகலமுள்ள உடல் கண்ணாடியில் 25 செ.மீ. இடத்தை மறைக்கும். ஒரு மீட்டர் தள்ளி நின்றாலும் மூன்று மீட்டர் தள்ளி நின்றாலும் அந்த 25 செ.மீ. மாறாது. ஆகவே, நேர் எதிரே நின்றுகொண்டு பின்னால் நகர்வதால் மட்டும் பிம்பம் விலகாது. பக்கவாட்டில் நகர வேண்டும்.

எங்கள் குழுப்படத்தின் சட்டம் 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம். அதன் நடுவிலிருந்து விளிம்பு வரை 20 செ.மீ. கைப்பேசியை உடலின் நடுவில் பிடித்தால் பிம்பம் இருபுறமும் 12.5 செ.மீ. பரவும். இரண்டையும் கூட்டினால் 32.5 செ.மீ. கைப்பேசி சட்டத்தின் நடுவிலிருந்து பக்கவாட்டில் அவ்வளவு விலகினால் பிம்பம் சட்டத்துக்கு வெளியே போய்விடும். சட்டத்திலிருந்து 1 மீட்டர் தள்ளி நின்றால் இது வெறும் 18 பாகைச் சாய்வு. மாணவர்கள் சட்டத்தையும் எடுப்பவர் நிற்கும் இடத்தையும் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்து, படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமமாக வருமாறு கதிர்களை இழுத்துப் பார்த்தார்கள். கணக்கும் வரைபடமும் ஒத்துப்போயின.

நாம் விலகியதும் அறையின் மறுபுறம் அங்கே எதிரொளிக்கத் தொடங்கும். அதே கதிர்களை நீட்டினால் எந்தப் பகுதி எதிரொளிக்கிறது என்பது தெரிந்துவிடும். நாம் நிற்கும் அதே தொலைவில் அது சட்டத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 80 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் கொண்ட பகுதி. அது நம் தோளை ஒட்டித் தொடங்கி, சட்டத்தின் மறுபக்கமாக நீள்கிறது. அந்த இடத்தில் ஒரு மீட்டர் சதுரக் கறுப்புப் பருத்தித் துணியை இரண்டு மாணவர்கள் விரித்துப் பிடித்தால் போதும். அவர்கள் துணிக்குப் பின்னால் நிற்க வேண்டும். பளபளக்கும் துணி உதவாது, அதன் மினுமினுப்பே கோடுகளாகப் பதியும்.

சாய்ந்து எடுத்த படத்தில் அருகிலுள்ள விளிம்பு தொலைவிலுள்ளதைவிடச் சற்று உயரமாக இருக்கும். 18 பாகையில் இந்த வேறுபாடு சுமார் 12 விழுக்காடு. கட்டணமில்லாத கிம்ப் மென்பொருளில் `Perspective` கருவியைக் கொண்டு நான்கு மூலைகளையும் இழுத்துச் செவ்வகமாக்கலாம். சட்டத்தை அளவுகோலால் அளந்து குறித்து வைப்பது அவசியம். 40-க்கு 30 என்று தெரிந்தால்தான் படத்தை 4-க்கு 3 என்ற விகிதத்தில் நிறுத்த முடியும். விகிதம் தவறினால் முகங்கள் மெலிந்தோ பருத்தோ போகும்.

இன்னும் பின்னால் நின்றால் சாய்வு குறையும், ஆனால் விவரமும் குறையும். 12 மெகாபிக்சல் கைப்பேசியின் வழக்கமான வில்லையில், 1 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்த இந்தச் சட்டத்தின் அகலத்துக்குச் சுமார் 1150 புள்ளிகளே கிடைக்கும். திரையில் பார்க்க அது போதும், பெரிதாக அச்சிடப் போதாது. இரு மடங்கு நெருக்கும் தனி வில்லை உள்ள கைப்பேசி இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

விலக இடமில்லாதபோது இரண்டு படங்கள்

சில சட்டங்கள் அலமாரிக்கும் தூணுக்கும் இடையில் மாட்டியிருந்தன. அங்கே 32 செ.மீ. விலக இடமில்லை. அப்போது ஒரே ஓர் உண்மையைப் பிடித்துக்கொண்டோம்: எதிரொளிப்பு படத்தின்மேல் ஒளியைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே, இரண்டு படங்களில் ஒரே புள்ளியை ஒப்பிட்டால், கருமையாக இருப்பதே உண்மைக்கு அருகில் இருக்கும்.

சற்று இடப்புறமிருந்து ஒரு படமும், அங்கிருந்து 30 செ.மீ. வலப்புறம் நகர்ந்து இன்னொரு படமும் எடுக்க வேண்டும். பிம்பத்தின் அகலம் 25 செ.மீ. என்பதால், இரண்டு படங்களிலும் அது ஒரே இடத்தில் விழாது. கைப்பேசியின் வெளிச்ச அளவைப் பூட்டிவிட்டே இரண்டையும் எடுக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே செவ்வகமாக்கி, கிம்ப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகளாக வைக்க வேண்டும். மேலடுக்கின் முறையை முதலில் `Difference` என்று மாற்றினால், பொருந்திய இடமெல்லாம் கறுப்பாகத் தெரியும். பொருத்தம் சரியானதும் `Darken only` என்று மாற்ற வேண்டும். இரண்டு பிம்பங்களும் மறைந்துவிடும்.

தவறு நேர்ந்தால் கண்டுபிடிப்பது எளிது. பொருத்தம் பிசகினால் கண், மீசை போன்ற கருமையான கோடுகள் தடிக்கும் அல்லது இரட்டையாகும். கருமைப் பின்னணியில் உள்ள வெள்ளை எழுத்துகள் மெலியும். இரண்டு படங்களிலும் ஒரே இடத்தில் படியும் மங்கலான வெண்திரை, எதிர்ச் சுவரின் வெண்மை போன்றது, இந்த முறையால் நீங்காது. அதற்குக் கறுப்புத் துணிதான் வழி.

கடைக் கண்ணாடியில் நிலைமை வேறு. உள்ளே இருக்கும் சிலைகள் முன்னும் பின்னுமாக நிற்பதால், இடம் மாறி எடுத்த இரண்டு படங்களும் பொருந்தா. அங்கே கைப்பேசியைத் தாங்கியில் நிறுத்தி, நேரம் குறித்துவிட்டு நாம் விலகிச் செல்வதே சரி. கைப்பேசியின் வில்லையைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தும் எடுக்கலாம்.

தளவிளைவுக் கண்ணாடி எப்போது உதவும்?

எதிரொளித்த ஒளி தளவிளைவு பெறும் என்பதை 1808-இல் பிரான்சின் மாலஸ் கண்டறிந்ததும் ஒரு சன்னல் கண்ணாடியால்தான். பாரிஸின் லக்சம்பர்க் மாளிகைச் சன்னல்களில் பட்டு வந்த சூரிய ஒளியை அவர் கால்சைட் படிகம் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். படிகத்தைத் திருப்பியபோது பிம்பத்தின் பொலிவு மாறியது. எந்தக் கோணத்தில் இந்த விளைவு முழுமையாகும் என்பதை 1815-இல் புரூஸ்டர் வகுத்தார். கண்ணாடிக்கு அது செங்குத்துக்கோட்டிலிருந்து சுமார் 56 பாகை.

தளவிளைவு வடிகட்டியை மாட்டினால் எல்லாப் பிம்பமும் போய்விடும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர் எதிரே நிற்கும்போது எதிரொளித்த ஒளி தளவிளைவு பெறுவதே இல்லை, அதனால் நம் சொந்தப் பிம்பத்தின்மேல் வடிகட்டிக்கு வேலை இல்லை. 56 பாகை சாய்ந்தால் அது நன்கு வேலை செய்யும், ஆனால் 40 செ.மீ. சட்டம் 22 செ.மீ. ஆகச் சுருங்கித் தெரியும். வகுப்பில் காட்டும் சோதனையாக இது சிறந்தது, ஆவணப் படம் எடுக்க ஏற்றதல்ல.

எதைத் தொடக்கூடாது?

மென்பொருளில் அருகிலுள்ள பகுதியை நகலெடுத்துப் பூசிப் பிம்பத்தை மறைக்கவும் முடியும். சுவர்ப் பகுதியில் அப்படிச் செய்தால் பெரிய இழப்பில்லை. முகத்திலோ சிலையின் முத்திரையிலோ செய்தால், இல்லாத ஒன்றை நாம் வரைந்து சேர்க்கிறோம். எதிரொளிப்பால் முழுக்க வெளுத்துப்போன புள்ளிகளில் மீட்பதற்குத் தகவலே இல்லை. அந்தப் படத்தை மறுபடி எடுப்பதுதான் தீர்வு. எங்கள் தொகுப்பில் ஒவ்வொரு படத்துக்கும் திருத்தாத மூலக்கோப்பு, திருத்திய கோப்பு, சட்டத்தின் அளவு, செய்த திருத்தம் ஆகிய நான்கையும் சேர்த்து வைத்தோம். குழுப்படத்தின் அட்டையில் ஒரு மாணவி எழுதிய குறிப்பு இது: "வலப்புறம் 33 செ.மீ. விலகி எடுத்தது. கறுப்புத் துணி பிடித்தோம். நான்கு மூலைகள் மட்டும் சரிசெய்யப்பட்டன. முகங்கள் தொடப்படவில்லை."