பீடி இருமலா, காசநோய் இருமலா?

இருமலோடு புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம் நாங்கள் முதலில் கேட்பது, இருமல் எத்தனை நாள்களாக இருக்கிறது என்பதே. புகைப்பழக்கம் உள்ளவர்களிடமிருந்து பெரும்பாலும் ஒரே விடைதான் வருகிறது: "இது பீடி இருமல்தான் டாக்டர், பல வருஷமா இருக்கு." பலருடைய காசநோய் மாதக்கணக்கில் கண்டறியப்படாமல் இருந்ததற்கு இந்த எண்ணமே காரணம். புகைக்கும் காசநோய்க்கும் உள்ள உறவை இந்த இதழில் விளக்க விரும்புகிறோம்.

காசநோயை உண்டாக்குவது கிருமியே; புகை அன்று. சிகிச்சை பெறாத நோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்துளிகள் காற்றில் மிதந்து மற்றவர்களின் நுரையீரலைச் சேர்கின்றன. ஆனால் கிருமி உள்ளே சென்ற அனைவருக்கும் நோய் வருவதில்லை. மற்றபடி உடல்நலத்தோடு இருப்பவர்களில், ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே அது வாழ்நாளில் நோயாக மாறுகிறது. மற்றவர்களை உடலின் இரண்டு காவல்கள் காக்கின்றன.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் உள்ள மிக நுண்ணிய மயிரிழைகள் முதல் காவல். இவை இடைவிடாது அசைந்து, தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்துத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. புகை இந்த இழைகளைச் செயலிழக்கச் செய்து, நாளடைவில் அழித்தும் விடுகிறது. நுரையீரலின் காற்றறைகளில் உலவும் விழுங்கு செல்கள் இரண்டாவது காவல். கிருமியை விழுங்கிக் கட்டுப்படுத்துவது இவற்றின் வேலை. நாள்தோறும் புகையை உள்ளிழுப்பவரிடம் இந்தச் செல்கள் புகைத்துகள்களை விழுங்கியே நிறைந்துவிடுகின்றன. அந்த நிலையில் கிருமி இருக்குமிடத்துக்கு விரைந்து செல்லவும், அதை அடக்கவும் அவற்றால் இயலுவதில்லை. பல ஆண்டுகளாக உறங்கிக் கிடந்த கிருமியும் அப்போது விழித்தெழக்கூடும்.

இதற்கான வலுவான சான்றுகளில் சில நம் மாநிலத்திலேயே கிடைத்தவை. சென்னையில் அப்போது காசநோய் ஆராய்ச்சி மையம் என்று அழைக்கப்பட்ட நிறுவனத்தினர் திருவள்ளூர் மாவட்டத்தில் நடத்திய ஆய்வு 2002ஆம் ஆண்டு வெளியாயிற்று. புகைப்பவர்களுக்கு நுரையீரல் காசநோய் இருக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் கூடுதல் என்று அது காட்டியது. நாளொன்றுக்குப் பத்துக்குள் புகைப்பவர்களிடமும் அந்த வாய்ப்பு ஒன்றே முக்கால் மடங்காக இருந்தது. இருபதுக்கு மேல் புகைப்பவர்களிடம் மூன்றரை மடங்கைத் தாண்டியது. அடுத்த ஆண்டு, மருத்துவர் கஜலட்சுமியும் அவருடைய குழுவினரும் சென்னை நகரிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் ஏறத்தாழ 43,000 ஆண்களின் இறப்புகளை ஆராய்ந்து வெளியிட்டனர். நடுத்தர வயதில் காசநோயால் இறக்கும் ஆபத்து, புகைத்தவர்களுக்கு நான்கு மடங்குக்கும் மேல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

"சிகரெட்டுக்குத்தான் இது பொருந்தும், பீடி இலைதானே" என்று சிலர் கருதுவர். பீடி எளிதில் அணைந்துபோகும்; அணையாமலிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஆகவே அதிலிருந்து நுரையீரலைச் சேரும் தாரும் நிக்கோட்டினும் சிகரெட்டைவிடக் குறைந்தவை அல்ல.

இனிச் சிகிச்சைக் காலத்தைப் பார்ப்போம். நாங்கள் கண்ட பலரின் வரலாறுகளில் பொதுவாக உள்ளவற்றைச் சேர்த்து, ஆலங்குடிப் பக்கத்து விவசாயத் தொழிலாளி ஒருவரை நினைத்துக்கொள்வோம். வயது 48, எடை 44 கிலோ, நாளுக்கு ஒரு கட்டு பீடி. மூன்று மாதங்களாக இருமல் கூடியிருந்தும், மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தே காலம் கடத்தினார். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் வந்த பின்னரே மருத்துவமனைக்கு வந்தார். அதற்குள் வலது நுரையீரலின் மேற்பகுதியில் குழி விழுந்திருந்தது. இத்தகைய குழிக்குள் கிருமிகள் பெருமளவில் பெருகுகின்றன. புகைப்பவர்களிடம் இத்தகைய குழிகள் கூடுதலாகக் காணப்படுவதற்குத் தாமதமும் ஒரு காரணம்.

அவருடைய எடைக்கேற்ப நாளுக்கு மூன்று கூட்டு மாத்திரைகள் தொடங்கப்பட்டன. முதல் இரண்டு மாதங்கள் நான்கு மருந்துகளும், அடுத்த நான்கு மாதங்கள் மூன்று மருந்துகளும் தரப்படும். தொடக்கத்தில் குமட்டலும் சோர்வும் இருந்ததால் பீடி தானாகவே நின்றது. ஒரு மாதத்தில் காய்ச்சல் தணிந்து பசி திரும்பியது, பீடியும் திரும்பியது. இரண்டாம் மாத முடிவில் சளியைப் பரிசோதித்தபோது கிருமி இன்னும் தென்பட்டது. புகைப்பவர்களிடம் இந்தத் தாமதம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகிறது. இது மருந்துக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்பதன் அறிகுறியாகவும் இருக்கலாம் என்பதால், அவருடைய சளி மருந்து எதிர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. கிருமி மருந்துக்குக் கட்டுப்படுவதே என்று தெரிந்தபின் சிகிச்சை தொடர்ந்தது.

இத்தகையவர்கள் எதிர்கொள்ளும் ஆபத்துகள் மூன்று: சிகிச்சையை இடையில் விட்டுவிடுவது, குணமான பின் நோய் மீண்டும் வருவது, கிருமி ஒழிந்த பிறகும் நுரையீரல் வடுப்பட்டு, நடந்தாலே மூச்சிரைப்பது. புகைப்பவர்களுள் பலர் மதுவும் அருந்துவதால், சிகிச்சையை விடுவதற்குப் புகையை மட்டுமே பொறுப்பாக்க முடியாது. ஆயினும் புகையால் முன்பே பழுதான நுரையீரலுக்குத் தன்னைச் சீர்செய்துகொள்ளும் திறன் குறைவு என்பதில் ஐயமில்லை.

ஆகவே முதல் மாத்திரையை விழுங்கும் நாளிலேயே புகையை நிறுத்துமாறு நாங்கள் கூறுகிறோம். படிப்படியாகக் குறைப்பதைவிட ஒரே நாளில் நிறுத்துவது பெரும்பாலோருக்குக் கைகூடுகிறது. எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் வாரத்தில் கடுமையாக இருக்கும். மூன்று நான்கு வாரங்களில் தணியும். சிலருக்கு அந்த வாரங்களில் இருமலும் சளியும் சற்றுக் கூடலாம். மூச்சுக்குழாயின் மயிரிழைகள் மீண்டும் வேலையைத் தொடங்குவதே அதற்குக் காரணமாக இருக்கலாம். அதைக் கண்டு பீடிக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் சளியில் இரத்தம் வந்தாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வர வேண்டும். புகையை நிறுத்த உதவும் மாத்திரைகளைத் தாமாக வாங்கி உண்ணலாகாது. காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின் அவற்றுள் சிலவற்றின் வலிமையைக் குறைத்துவிடும். நிக்கோட்டின் சூயிங்கம் வேண்டுமா என்பதையும் எங்களிடம் கேட்டு முடிவு செய்யலாம். புகையிலையை நிறுத்த உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

குடும்பத்தாரிடம் இரண்டு வேண்டுகோள்கள். நோயாளி தேறிவரும் இரண்டாம், மூன்றாம் மாதங்களில்தான் பீடி மீண்டும் கைக்கு வருகிறது. கண்டித்தால் அவர் மறைத்துப் புகைப்பார். எங்களிடம் சொன்னால் சேர்ந்து வழி காணலாம். வீட்டில் வேறு யாரேனும் புகைத்தால் அவரும் நிறுத்துவது நோயாளிக்குத் துணையாகும். அந்த வீட்டுக் குழந்தைகள் கிருமியையும் புகையையும் ஒரே கூரையின் கீழ் சுவாசிப்பவர்கள். அவர்களைத் தடுப்பு மருந்துக்கான பரிசோதனைக்குத் தவறாமல் அழைத்து வாருங்கள்.

புகைப்பழக்கம் உள்ளவருக்கு இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, பழைய இருமலின் தன்மை மாறினாலோ, அதைப் பீடி இருமல் என்று அவரே முடிவு செய்ய வேண்டாம். சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும் அதை முடிவு செய்யட்டும். அரசு மருத்துவமனைகளில் இவை கட்டணமின்றிச் செய்யப்படுகின்றன.